இரண்டாவது பை காணாமல் போனாலும் முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தொலைக்காதீர்கள்

கேள்வி: ஆறாவது வாரத்தில் ஸ்கேன் எடுத்தபோது இரண்டு பை தெரிகிறது, இரட்டைக் குழந்தை என்றார்கள். ஒன்பதாவது வாரத்தில் ஒன்றுதான் இருக்கிறது என்கிறார்கள். உதிரப்போக்கே இல்லையே, இன்னொன்று எங்கே போனது? நான் ஏதாவது தவறு செய்துவிட்டேனா? இருக்கிற குழந்தைக்கு ஏதாவது ஆகுமா?

எனக்கு இது நடந்து நான்கு வருடம் ஆகிறது. அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது. முதல் ஸ்கேன் ஆறு வாரம் இரண்டு நாளில் எடுத்தார்கள். ஒரு பை 16 மில்லிமீட்டர். உள்ளே 4 மில்லிமீட்டர் நீளத்தில் கரு, இதயத்துடிப்பும் தெரிந்தது. பக்கத்திலேயே இன்னொரு பை, 9 மில்லிமீட்டர். அதற்குள், கருவுக்கு ஆரம்பத்தில் ஊட்டம் தரும் மஞ்சள்கருப் பை மட்டும் சின்ன வளையமாகத் தெரிந்தது, கரு தெரியவில்லை. இரட்டை என்றதும் வீட்டில் இரண்டு தொட்டிலுக்கு இடம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். எட்டாவது வார முடிவில் மறுபடி பார்த்தபோது பெரிய பையில் இருந்த கரு 20 மில்லிமீட்டருக்கு வளர்ந்திருந்தது. சின்னப் பை சுருங்கி, ஓரமெல்லாம் நெளிந்து, வெறும் கோடுபோலக் கிடந்தது. பன்னிரண்டாவது வாரத்தில் அந்தக் கோடும் இல்லை.

எங்கே போனது என்றால், எங்கும் போகவில்லை. அந்த வயதில் கரு என்பது சில மில்லிமீட்டர் திசுதான். வளர்ச்சி நின்றதும் பைக்குள் இருக்கும் நீர் வற்றுகிறது, திசுவை உடலே கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்கிறது. சிலருக்கு லேசாகக் கறை படும், அடிவயிறு இழுத்துப் பிடிக்கும். பலருக்கு உங்களைப்போல ஒன்றுமே தெரியாது. சுத்தம் செய்ய வேண்டிய அவசியமும் இல்லை. உள்ளே இன்னொரு குழந்தை வளர்ந்துகொண்டிருக்கும்போது அதைச் செய்யவும் மாட்டார்கள். இது அபூர்வமும் அல்ல. ஆரம்ப வாரங்களில் இரட்டை என்று தெரிந்த கர்ப்பங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று இப்படி ஒற்றையாகிவிடுகிறது. முன்பெல்லாம் மூன்றாம் மாதம் தாண்டித்தான் ஸ்கேன் என்பதால், இரண்டு இருந்தது யாருக்கும் தெரியாமலே போனது.

நீங்கள் செய்த தவறு எதுவும் இல்லை. எங்கள் அத்தை, "அந்த வாரம் கல்யாணத்துக்குப் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு போனாய் அல்லவா?" என்று கேட்டார். குலுக்கல்தான் காரணமென்றால் ஒரே வயிற்றில் இருந்த மற்றது எப்படித் தப்பியது? பெரும்பாலும் கரு உருவான அன்றே குரோமோசோம் எண்ணிக்கையில் பிழை நேர்ந்திருக்கும். அந்தக் கரு ஒரு கட்டத்துக்கு மேல் வளராது. பப்பாளி, மாடிப்படி, பஸ் எதற்கும் அதில் பங்கில்லை.

இரண்டாவது பை என்று சொன்னதே சில சமயம் பையாக இருக்காது. பையைச் சுற்றி இரத்தம் தேங்கினாலும் ஸ்கேனில் கறுப்பாகத்தான் தெரியும். உண்மையான பைக்கு வெள்ளையாகத் தடித்த விளிம்பு இருக்கும், வடிவம் உருண்டையாக இருக்கும், சில நாளில் உள்ளே மஞ்சள்கருப் பை தெரியும். இரத்தத் தேக்கம் பிறைபோல வளைந்து, விளிம்பில்லாமல் கிடக்கும். ஆகவே உங்கள் முதல் ரிப்போர்ட்டில் இரண்டாவதற்குள் என்ன பார்த்தார்கள் என்று தேடுங்கள். வெறும் பையா, மஞ்சள்கருப் பையோடா, கருவும் துடிப்பும் இருந்ததா? இரண்டும் தனித்தனிப் பைகளா என்பதையும் மருத்துவரிடம் கேளுங்கள். தனித்தனி என்றால் நஞ்சுக்கொடியும் தனித்தனி. முதல் மூன்று மாதத்துக்குள் ஒன்று நின்றுபோனால் மற்றது வழக்கமாகப் பாதிக்கப்படுவதில்லை. ஒரே நஞ்சைப் பகிர்ந்துகொண்ட இரட்டையில், அதுவும் நான்காம் மாதத்துக்குப் பிறகு ஒன்று இறந்தால், அது வேறு கதை. அங்கே இரண்டுக்கும் இரத்தக்குழாய்கள் இணைந்திருக்கும் என்பதால் மிஞ்சியதை நெருக்கமாகக் கண்காணிப்பார்கள்.

இனி, நான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததற்கான காரணம். குழந்தைக்கு ஆகாதது எனக்கு ஆனது, இரத்தப் பரிசோதனையில்.

வயதைக் காரணம் காட்டி என்.ஐ.பி.டி. பரிசோதனை எடுக்கச் சொன்னார்கள். தாயின் கையில் எடுக்கும் இரத்தத்தில் மிதக்கும் மரபணுத் துணுக்குகளை எண்ணி, குழந்தையின் குரோமோசோம்களைக் கணிக்கும் பரிசோதனை அது. பத்தாவது வாரத்தில் இரத்தம் கொடுத்தேன். படிவத்தில் "ஒற்றையா, இரட்டையா?" என்று ஒரு கட்டம். கடைசி ஸ்கேனில் ஒன்றுதானே, ஒற்றை என்று நானே டிக் அடித்தேன். அதற்குக் கீழே பொடி எழுத்தில், கர்ப்பத்தில் ஒன்று மறைந்திருந்தால் குறிப்பிடவும் என்று இருந்ததைப் படிக்கவில்லை. பத்து நாளில் முடிவு வந்தது: 18ஆவது குரோமோசோமில் அதிக அபாயம்.

அந்த இரவை விவரிக்கப் போவதில்லை. மறுநாள் மரபியல் ஆலோசகரிடம் போனோம். நல்ல வேளையாக எல்லா ரிப்போர்ட்டும் ஒரே கோப்பில் இருந்தன. அவர் முதல் ஸ்கேனைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, இந்த இன்னொரு பையைப் பற்றி லேபுக்குச் சொன்னீர்களா?" என்று கேட்டார்.

விஷயம் இதுதான். அந்த மரபணுத் துணுக்குகளில் குழந்தையுடையவை என்று எண்ணப்படுபவை குழந்தையின் உடலிலிருந்து வருவதில்லை, நஞ்சிலிருந்து வருகின்றன. கரு நின்றுபோன பிறகும் அதன் நஞ்சுத் திசு பல வாரங்களுக்குத் துணுக்குகளை உதிர்த்துக்கொண்டே இருக்கும். நின்றுபோனது பெரும்பாலும் குரோமோசோம் பிழையால்தான் என்பதால், அந்தப் பிழை உயிரோடிருக்கும் குழந்தையின் கணக்கில் ஏறிவிடுகிறது. குழந்தையின் பாலினத்தைச் சொல்ல அனுமதியுள்ள நாடுகளில், பையன் என்று ரிப்போர்ட் வந்து பெண் பிறக்கும் குழப்பமும் இதனால் நேர்கிறது. நம் நாட்டில் 1994ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுப்பதால் அந்த வேடிக்கை நமக்கு இல்லை.

டபுள் மார்க்கர் இரத்தப் பரிசோதனையும் விதிவிலக்கல்ல. அதில் அளக்கும் புரதம் ஒன்றை மறைந்துபோன கருவின் நஞ்சும் சுரந்து கூட்டிவிடலாம். அப்போது அபாயம் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். அது இன்னும் மோசம், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அதனால் பன்னிரண்டாவது வார ஸ்கேனில் கழுத்தின் பின்புற நீர் அளவைத்தான் மருத்துவர்கள் அதிகம் நம்புகிறார்கள். அது உயிரோடிருக்கும் குழந்தையிடமே நேராக எடுக்கும் அளவு. எனக்கு அது 1.4 மில்லிமீட்டர், இயல்பு.

ஆனாலும் ஆலோசகர், "மறைந்த கருவால்தான் என்று நான் ஊகிக்கலாம், உறுதி சொல்ல முடியாது" என்றார். பதினாறாவது வாரத்தில் பனிக்குட நீர் எடுத்தார்கள், 20 மில்லி. வெளிர் மஞ்சளாக, ஊசிக் குழாயில். அது மிஞ்சியிருக்கும் குழந்தையின் நீர் என்பதால் அதன் செல்கள் மட்டுமே அதில் இருக்கும். மூன்றாம் நாள் முதல் முடிவு, மூன்றாவது வாரம் முழு முடிவு. இரண்டும் இயல்பு.

எனவே அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது முதல் ஸ்கேனைக் கையோடு எடுத்துப்போங்கள். எத்தனையாவது வாரத்தில் மறைந்தது என்பதைப் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். உங்கள் இரத்த வகை நெகட்டிவ் என்றால், இடையில் கறை பட்டாலும் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். நாப்கின் நனையும் அளவு உதிரப்போக்கு, ஒரு பக்கமாகக் கடும் வலி, மயக்கம் இவற்றுக்கு விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

என் மகள் 38ஆவது வாரத்தில் 2.8 கிலோவோடு பிறந்தாள். நஞ்சு வெளியே வந்ததும் அதைத் தட்டில் விரித்துப் பார்த்த சிஸ்டர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஓரத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெளுத்துத் தடித்த இடம். "இது அதுவாக இருக்குமா?" என்று கேட்டேன். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், இந்த மாதிரித் திட்டு சாதாரணமாகவும் வரும்" என்று சொல்லிவிட்டு மூடினார்.