மீட்டிங்கில் சட்டென்று கோபம் வந்துவிடுகிறது

"ரிவ்யூ மீட்டிங்கில் மேனேஜர் 'இது ஏன் இன்னும் முடியல?' என்று எல்லார் முன்னாலும் கேட்டாலே குரல் உயர்ந்துவிடுகிறது. அப்புறம் நாள் முழுக்க வருத்தம். என்ன செய்வது?"

எனக்கும் இதே வியாதி இருந்தது. கோபத்தை அடக்கப் பார்த்தேன், பலிக்கவில்லை. கோபம் தெரிய வரும்போது வாய் ஏற்கெனவே திறந்திருக்கும். அதற்கு முன்பே உடம்பு சொல்லிவிடும். எனக்குக் காது சூடாகும், பேனாவை இறுக்கிப் பிடிப்பேன். உங்களுக்கு எது என்று கண்டுபிடியுங்கள். அடுத்த மூன்று நான்கு மீட்டிங் முடிந்ததும் இரண்டு வரி எழுதுங்கள்: அவர் சொன்ன வார்த்தை அப்படியே, அப்போது உடம்பில் நடந்தது. என் குறிப்பில் தாமதம் பற்றிய கேள்வி என்னைச் சீண்டவே இல்லை. "இன்னும்" என்ற சொல்தான் சீண்டியது. 'நீ சோம்பேறி' என்று என் காதில் விழுந்திருக்கிறது. அவர் அப்படிச் சொல்லவில்லை.

இப்போது காது சூடானால் கேள்வியை வார்த்தை மாறாமல் நோட்டில் எழுதுகிறேன். ஐந்தாறு நொடி கிடைக்கிறது, பார்ப்பவருக்கும் இயல்பாகத் தெரியும். மனதுக்குள் 'அவமானமாக இருக்கிறது' என்று பெயர் வைப்பேன். அப்புறம் ஒரு கேள்வி: "தேதி வேணுமா, எங்க சிக்கியிருக்குன்னு சொல்லணுமா?" பெரும்பாலும் தேதிதான் வேண்டியிருக்கும்.

கேள்வியைக் குத்தலாகக் கேட்டால் எதிர்த்தாக்குதல் ஆகிவிடும், குரலைக் கவனியுங்கள். மேனேஜர் உண்மையிலேயே மட்டம் தட்டுபவர் என்றால் இந்த உத்தி போதாது. அதைத் தனியாகத்தான் பேச வேண்டும்.