கடல் பாசி பொதுவளம், கேபிள் டிவி குழுமப் பொருள்: ஏன்?

கேள்வி: குழுமப் பொருள், பொதுவளம் இரண்டும் குழப்புகிறது. ராமநாதபுரம் பக்கத்து உதாரணத்தோடு யாராவது சொல்ல முடியுமா?

பொருளைப் பார்த்து இரண்டு கேள்வி கேளுங்கள். நான் எடுத்தால் உங்களுக்குக் குறையுமா? பணம் கட்டாதவரைத் தடுக்க முடியுமா?

எங்கள் பாம்பன் வீட்டில் கேபிள் டிவி இருக்கிறது. நாங்கள் சீரியல் பார்ப்பதால் பக்கத்து வீட்டுக்குப் படம் மங்குவதில்லை. ஆனால் இரண்டு மாதம் பாக்கி வைத்தால் வயரைக் கழற்றிவிடுவார்கள். குறையாது, ஆனால் தடுக்கலாம்: அதுதான் குழுமப் பொருள். கலங்கரை விளக்கத்தின் வெளிச்சம் குறையவும் குறையாது, கடலில் போகிறவர் கண்ணிலிருந்து அதை மறைக்கவும் முடியாது. அது பொதுப் பண்டம்.

எடுத்தால் குறையும், ஆனால் தடுக்க முடியாது: அது பொதுவளம். அதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் கடல் பாசி. அம்மா பல வருடம் பாசிக்குப் போனவர். விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சைப் பிடித்து முங்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பறிப்பார். நுனியைப் பறித்து அடியை விட்டால் அது மறுபடி தழைக்கும். அடியோடு பிடுங்கினால் அந்த இடம் மொட்டை.

இது தெரிந்தும் ஏன் சிலர் பிடுங்குகிறார்கள்? ஒரு பேச்சுக்கு, நாற்பது பெண்கள் ஒரே பாரில், அதாவது கடலுக்கடியில் உள்ள ஒரே பாறைத்திட்டில் பறிக்கிறார்கள் என்று வையுங்கள். நான் அடியை விட்டுவைத்தால், பிறகு தழைப்பது நாற்பது பேருக்கும் பங்கு. பிடுங்கினால் அந்த எடை முழுக்க இன்றே என் பையில். நான் விட்டதை நாளைக்கு வேறொருவர் பிடுங்கமாட்டார் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. பேராசை இல்லாதவரும் இந்தக் கணக்கில் மாட்டிக்கொள்வார். முன்பு சீக்கிரம் நிரம்பிய பை மதியம் வரை நிரம்பவில்லையென்றால் அந்தப் பாரில் பாசி தேய்கிறது என்று அர்த்தம்.

அதனால்தான் எங்கள் பக்கத்துப் பெண்கள் மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் பறிப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்தார்கள். பேசிக்கொள்கிற ஊர்களுக்குள் அது ஓரளவு நிற்கும். வெளியிலிருந்து வருகிறவரை அது கட்டுப்படுத்தாது. இங்குள்ள மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா என்பதால் சட்டப்படி தடை உண்டு. ஆனால் 21 தீவையும் சுற்றி எந்நேரமும் காவல் நிற்க முடியுமா? பொருளியலில் ‘தடுக்க முடியாது’ என்றால், தடுக்க ஆகும் செலவு கட்டுப்படியாகாது என்பதும் அதில் சேர்த்தி. பாடப்புத்தகத்தில் இதைச் சரியாகச் சொல்வதில்லை என்பது என் மனக்குறை.

பாம்பனை அடுத்த மண்டபம் பக்கம் மூங்கில் மிதவை கட்டி, கயிற்றில் வேறு வகைப் பாசி வளர்க்கிறார்கள். நாற்பத்தைந்து நாளில் அறுவடை. யார் மிதவை என்று எல்லோருக்கும் தெரியும், இன்னொருவர் அறுத்தால் அது திருட்டு. கடல் அதேதான், பாசியும் பாசிதான். ஆனால் மிதவையில் இருப்பது தனியார் பொருள், பாறையில் இருப்பது பொதுவளம்.