கூட்டு கலையும்போது முந்துவது கடனா, முதலா?

கேள்வி: மண்டபத்தில் மூன்று பேர் கூட்டாக நண்டு, இறால் வாங்கி அனுப்பும் தொழில் செய்தோம். லாபப் பங்கு 2:2:1. இப்போது கலைக்கிறோம். என் முதல் 5 லட்சம் போக, 4 லட்சம் கடனாகவும் போட்டிருக்கிறேன். 1 லட்சம் முதல் போட்ட என் மைத்துனர், "முதலில் எல்லோருடைய முதலையும் கொடுத்துவிட்டு, பிறகு உங்கள் கடனைப் பார்ப்போம்" என்கிறார். இது சரியா?

பதில்: சரியில்லை. 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், 48ஆம் பிரிவில், உங்கள் ஒப்பந்தப் பத்திரம் வேறுவிதமாகச் சொல்லாதவரை பின்பற்ற வேண்டிய வரிசையைத் தெளிவாக வகுத்திருக்கிறது. முதலில் வெளியாருக்குத் தர வேண்டிய கடன்கள், அடுத்து பங்குதாரர் முதலுக்கு மேல் கொடுத்த கடன், அதன் பின்பே முதல், அப்புறமும் மிஞ்சினால் அது லாப விகிதப்படி பிரிவினை. ஆனால் இந்த வரிசையைப் பார்க்கும் முன், உங்கள் மைத்துனர் சொல்லும் அந்த 1 லட்சம் இன்னும் இருக்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும். சொத்துகளை விற்று, வெளியார் கடன்களைத் தீர்ப்பதில் வரும் லாப நட்டத்தைக் கணக்கிட்டு அதைக் காட்டுவதுதான் ரியலைசேஷன் கணக்கு.

உங்களுடையதைப் போன்ற ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். குளிர்பதன இயந்திரங்கள் 14 லட்சம், வேன் 6 லட்சம், சரக்கு 3 லட்சம், படகுக்காரர்களுக்குக் கொடுத்த முன்பணம் 5 லட்சம், ரொக்கம் 1 லட்சம் என ஏட்டில் 29 லட்சம் இருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் வங்கிக் கடன் 10 லட்சம், சில்லறைப் பாக்கிகள் 5 லட்சம், உங்கள் கடன் 4 லட்சம், உங்கள் முதல் 5, இரண்டாமவர் முதல் 4, மைத்துனர் முதல் 1 லட்சம்.

ரொக்கம் தவிர்த்த 28 லட்சம் சொத்தையும் ஏட்டு மதிப்பிலேயே ரியலைசேஷன் கணக்கின் பற்றுப் பக்கத்துக்கும், வெளியார் கடன் 15 லட்சத்தை வரவுப் பக்கத்துக்கும் மாற்ற வேண்டும். உங்கள் கடனும் முதல்களும் இந்தக் கணக்குக்குள் வரவே கூடாது. பலர் தடுமாறும் இடம் இதுதான். (உங்கள் மனைவி தம் சொந்தப் பணத்தை நிறுவனத்துக்குக் கடன் தந்திருந்தால் அவர் வெளியார், அந்தக் கடன் உள்ளே வரும், உங்கள் கடனுக்கும் முந்தும்.) முன்பே தேய்மானத்தில் கழித்துவிட்ட ஐஸ் பெட்டிகளும் தராசும் ஏட்டில் இல்லாவிட்டாலும், விற்ற பணம் இங்கேதான் வரவாகும். வேனைப் பங்குதாரரே எடுத்துக்கொண்டால், ஒத்துக்கொண்ட விலையை இங்கே வரவு வைத்து அவருடைய முதல் கணக்கில் பற்று எழுத வேண்டும்.

இயந்திரங்கள் 10 லட்சத்துக்கும், வேன் 5 லட்சத்துக்கும், சரக்கு ஒன்றரை லட்சத்துக்கும் விற்று, முன்பணத்தில் 4 லட்சம் வசூலாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது முன்பணத்தைக் கேட்டால் இந்த 4 லட்சமும் கிடைப்பது கடினம். கலைக்கும் தேதியைத் தீர்மானிக்கும்போது இதை மனத்தில் கொள்ளுங்கள். மொத்த வரவு 20.5 லட்சம், விற்பனைச் செலவு 50 ஆயிரம், கடன்கள் முழுமையாகத் தீர்ந்தன. ஆக 28 லட்சத்துக்குக் குறைந்த 7.5 லட்சமும் செலவு 50 ஆயிரமும் சேர்ந்து நட்டம் 8 லட்சம். அது 2:2:1 விகிதத்தில் 3.2, 3.2, 1.6 லட்சம் என முதல் கணக்குகளில் விழுகிறது. உங்கள் முதலில் மிஞ்சுவது 1.8 லட்சம், இரண்டாமவருக்கு 80 ஆயிரம். மைத்துனரின் 1 லட்சம் முழுவதும் கரைந்து, அவர்தான் 60 ஆயிரம் கொண்டுவர வேண்டியவராகிறார்.

இப்போது பழைய ரொக்கம் 1 லட்சமும் சேர்த்து, விற்பனைச் செலவு போகக் கையிலிருக்கும் 21 லட்சத்தில் வங்கிக்கும் பாக்கிக்காரர்களுக்கும் 15 லட்சம் போனால் 6 லட்சம். உங்கள் கடன் 4 லட்சம் தீர்ந்தால் 2 லட்சம். மைத்துனரின் 60 ஆயிரம் சேர்ந்து 2.6 லட்சமாகும், அது உங்கள் 1.8 லட்சத்துக்கும் இரண்டாமவரின் 80 ஆயிரத்துக்கும் காசு பிசகாமல் சரியாகிறது. ரொக்கக் கணக்கு இப்படிச் சுழியில் முடியாவிட்டால், எங்கோ ஒரு பதிவு தவறியிருக்கிறது.

சட்டத்தைவிட ஆதாரத்தில்தான் உங்கள் வழக்கு நிற்கும். அந்த 4 லட்சம் ஏட்டில் உங்கள் முதல் கணக்கில் வரவு வைக்கப்பட்டிருந்தால் அதைக் கடன் என்று நிலைநாட்டுவது கடினம். தனிக் கடன் கணக்காக இருந்தால் பேச்சுக்கே இடமில்லை, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இல்லையெனில் 13ஆம் பிரிவின்படி ஆண்டுக்கு 6 சதவீத வட்டியும் கேட்கலாம்.

மேற்கண்ட வரிசை உங்களுக்குள் உள்ள ஏற்பாடு மட்டுமே. சொத்து போதாவிட்டால் வங்கி முழுத் தொகையையும் உங்களில் யாரிடமும் கேட்கலாம். கலைப்பை முறைப்படி அறிவிக்கும்வரை மற்றவர் நிறுவனத்தின் பெயரில் வாங்கும் கடனும் உங்களைப் பிடிக்கும் என்பதால், பதிவு பெற்ற நிறுவனமானால் பதிவாளருக்கு அறிவிப்புக் கொடுத்து, அரசிதழிலும் மாவட்டத்தில் வரும் ஒரு தமிழ் நாளிதழிலும் வெளியிட்ட பிறகே பணத்தைப் பிரிக்கத் தொடங்குங்கள்.