புரட்டாதியில் வற்றும் தாங்கி

வணக்கம் அக்கா,

ஒரு தொண்டு நிறுவனத்தில் திட்ட இணைப்பாளர் வேலைக்கு இறுதிச் சுற்று வரை வந்துவிட்டேன். வருகிற வெள்ளிக்கிழமை ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு முன்னால் 30 நிமிடம் பேச வேண்டும். தந்த தலைப்பு, வலிகாமத்தில் 60 வீடுகளின் குடிதண்ணீரில் உள்ள நைத்திரேற்றுப் பிரச்சினைக்கு ஒரு வருடத் திட்டம். வீட்டுக்கு ஒரு 5,000 லீற்றர் மழைநீர்த் தாங்கி என்பது என் யோசனை. 34 ஸ்லைட் செய்துவிட்டேன். குழுவில் ஒருவர் ஆட்களை மடக்கிக் கேள்வி கேட்பவராம். அவரை எப்படிச் சமாளிப்பது? தமிழிலா இங்கிலிஷிலா கதைப்பது? எந்த டெம்ப்ளேட் நல்லது?

ஒரு வாசகி, உடுவில்

அன்புள்ள பிள்ளைக்கு,

டெம்ப்ளேட் எதுவானாலும் சரி. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்துப் போதும். மொழியை நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். அதே மின்னஞ்சலில், 30 நிமிடத்துக்குள் கேள்வி நேரமும் அடங்குமா என்றும் கேளுங்கள். இதைக் கேட்காமல் போகிறவர்கள்தான் இருபதாவது நிமிடத்தில் "முடித்துக்கொள்ளுங்கள்" என்ற சொல்லைக் கேட்டு, திட்டச் செலவைச் சொல்லாமலே இறங்கி வருகிறார்கள். பதில் வராவிட்டால் அடங்கும் என்றே வைத்துக்கொண்டு, உங்கள் பேச்சை 18 நிமிடத்துக்கு ஆயத்தப்படுத்துங்கள்.

மடக்கிக் கேட்கிறவரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதில்தான் என் மனம் நின்றுவிட்டது. எத்தனை கெட்டிக்காரப் பிள்ளைகள் இந்த இடத்தில் விழுகிறார்கள் என்பதைச் சில கிழமைகளாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். கேள்வியை ஏதோ வந்து விழப்போகிற கல்லாக எண்ணிக் குனியப் பழகுகிறார்கள். எங்கிருந்து வரும் என்று முன்கூட்டியே பார்ப்பதில்லை. பார்த்தால் தெரியும், பிள்ளை. உங்கள் திட்டத்தின் ஓட்டை எங்கே என்று உங்களைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

34 ஸ்லைட்டையும் மூடிவையுங்கள். கொப்பியில் ஒரு பக்கத்தை எடுத்து, இந்தத் திட்டத்தைப் பிடிக்காத ஒருவர் கேட்கக்கூடிய 20 கேள்விகளை எழுதுங்கள். டெங்கு நுளம்பு பெருகாதா, கூரைத் தூசி தாங்கிக்குள் போகாதா, விலை ஏறினால் என்ன செய்வீர், இரண்டு வருடத்தில் யார் கழுவுவது என்று கேள்விகள் தாமாக வரும். பிறகு ஒவ்வொன்றின் முன்னும் இதற்குப் பதில் இல்லாவிட்டால் திட்டம் நிற்குமா விழுமா என்று பாருங்கள். பெரும்பாலானவை சில்லறைக் கேள்விகளாக இருக்கும். நுளம்புக்குத் தாங்கியின் வாயில் வலை. தூசிக்கு முதல் மழைத் தண்ணீரை வெளியே விடும் குழாய். இவற்றுக்கு ஒவ்வொரு ஸ்லைட் செய்து, கடைசி ஸ்லைட்டுக்குப் பின்னால் மறைவாக வைத்துவிடுங்கள். கேட்டால் காட்டலாம். எந்த எண்ணில் எது இருக்கிறது என்று ஒரு துண்டில் எழுதி வைத்திருந்தால், பவர்பொயின்ட் ஓடும்போதே அந்த எண்ணை அடித்து Enter தட்ட நேராக அங்கே போகும். பின்னுக்கும் முன்னுக்கும் தட்டித் தடுமாற வேண்டாம்.

திட்டத்தை விழுத்தக்கூடிய கேள்விகள் இரண்டு மூன்றுதான் மிஞ்சும். அவற்றை யாரும் கேட்கக் காத்திருக்கக் கூடாது. பேச்சின் நடுவிலேயே நீங்களாகச் சொல்ல வேண்டும். இதை ஏற்க மாட்டீர்கள் என்று தெரியும். நானே என் குறையைக் காட்டிக் கொடுப்பதா என்று நினைப்பீர்கள். உங்கள் தாங்கியையே எடுத்துப் பார்ப்போம்.

ஒரு வீட்டில் ஐந்து பேர். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளுக்கு 4 லீற்றர் என்று வைத்தால் வீட்டுக்கு 20 லீற்றர். 5,000 ஐ 20 ஆல் பிரித்தால் 250 நாள். டிசம்பர் முடிவில் தாங்கி நிரம்பி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜனவரி முதலாம் திகதியிலிருந்து எண்ணினால் செப்டெம்பர் 7 அளவில் அடி தட்டும். எங்கள் பெருமழை ஒக்டோபர் நடுப்பகுதிக்கு முன்னர் நம்பக்கூடியதல்ல. ஆக ஐந்து கிழமை, 35 நாள், புரட்டாதியைச் சுற்றித் தாங்கி வெறுமையாக நிற்கும். சித்திரை மழை கொஞ்சம் கைகொடுக்கலாம், ஆனால் திட்டத்தை அதன் மேல் கட்ட முடியாது.

குழுவில் ஒருவர் கைத்தொலைபேசியில் இந்தக் கணக்கைப் போட இரண்டு நிமிடம் போதும். அவர் போட்டுச் சொன்னால், கணக்குத் தெரியாதவர் என்று உங்களைப் பற்றி ஐந்து பேரும் முடிவெடுப்பார்கள். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் மற்ற எண்கள் எல்லாவற்றையும் சந்தேகத்துடன்தான் பார்ப்பார்கள். அதே கணக்கைப் பன்னிரண்டாவது நிமிடத்தில் நீங்கள் போட்டால் கதை வேறு. "இந்தத் திட்டம் வருடத்தில் 35 நாளுக்குப் போதாது. வீட்டுக்கு 700 லீற்றர், 60 வீட்டுக்கு 42,000 லீற்றர் குறைகிறது. 6,000 லீற்றர் பவுசர் என்றால் 7 ஓட்டம். அந்தச் செலவைத் திட்டத்திலேயே சேர்த்திருக்கிறேன்." இதைச் சொன்ன பிறகு மடக்குகிறவருக்குக் கையில் என்ன மிஞ்சும்? பவுசர் யாருடையது என்று கேட்பார். பிரதேச சபையுடன் கதைத்திருந்தால் அதற்கும் பதில் உண்டு. கதைக்காவிட்டால் புதன்கிழமைக்குள் போய்க் கதையுங்கள்.

ஆனால் குறையைச் சொல்லிவிட்டு அங்கேயே நிற்கக் கூடாது. குறை, அதன் அளவு, அதற்கு வைத்திருக்கும் வழி, மூன்றும் ஒரே மூச்சில் வர வேண்டும். அளவு இல்லாத குறை வெறும் புலம்பல். வழி இல்லாத குறையைச் சொன்னால் குழு திட்டத்தைத் திருப்பித் தந்துவிடும். இடமும் முக்கியம். ஆரம்பத்தில் சொன்னால் திட்டம் என்னவென்றே விளங்க முதல் அதன் ஓட்டை விளங்கும். கடைசியில் சொன்னால் ஒளித்து வைத்ததுபோல் இருக்கும்.

இரண்டாவது கேள்வி இன்னும் பெரிது. தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது, நாளுக்கு 24,000 கனமீற்றர் கொள்ளளவு. குழாய்த் தண்ணீர் வரும்போது எதற்குத் தாங்கி? யாழ்ப்பாணத்தில் உட்கார்ந்திருக்கும் எந்தக் குழுவும் இதைக் கேட்காமல் விடாது. இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் திட்டத்துக்குக் கிளிநொச்சி விவசாயிகள் காட்டிய எதிர்ப்பிலிருந்து கடல்நீர் வரை வந்த கதை எல்லாருக்கும் தெரியும். இதற்குப் பதில் உங்கள் வாயில் இல்லை, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பிராந்திய அலுவலகத்தில் இருக்கிறது. 60 வீடுகளில் எத்தனைக்கு இணைப்பு வந்துவிட்டது, எந்த ஒழுங்கைக்கு எப்போது வரும் என்று கேட்டு எழுதுங்கள். 40 வீட்டுக்கு வந்துவிட்டது என்று சொன்னால் உங்கள் திட்டமே 20 வீட்டுத் திட்டமாக மாற வேண்டும். அது வெள்ளிக்கிழமை தெரிவதைவிட இன்றைக்குத் தெரிவது நல்லது.

இனி, உங்கள் கடிதத்தோடு அனுப்பிய நான்காவது ஸ்லைட். "சராசரி 12, எல்லை 50" என்று இருக்கிறது. கோபம் வந்தது, பிள்ளை. 12 எப்படி 50 ஐத் தாண்டியது? ஆய்வுகூடம் தந்த 12, நைத்திரேற்றில் உள்ள நைதரசனின் அளவு. உலக சுகாதார நிறுவனத்தின் 50, நைத்திரேற்றின் அளவு. இரண்டும் லீற்றருக்கு மில்லிகிராம்தான் என்றாலும் ஒன்றை மற்றதாக மாற்ற 4.43 ஆல் பெருக்க வேண்டும். 12 ஐப் பெருக்கினால் 53. எல்லையைத் தாண்டுகிறது, சரி. ஆனால் உங்கள் ஸ்லைட்டைப் பார்க்கிற எவருக்கும் தண்ணீர் நல்லதென்றுதான் தெரியும். எல்லா எண்ணையும் நைத்திரேற்றாக மாற்றி, அலகைப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

இதையும் மீறி ஒருவர் "உம்முடைய எண்ணே பிழை" என்று குரலை உயர்த்தினால், குரலை விட்டுவிட்டு எண்ணுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். "ஐயா, ஆய்வுகூட அறிக்கையில் 12 நைதரசனாக இருக்கிறது. நைத்திரேற்றாக 53." அவ்வளவுதான், வாயை மூடுங்கள். பிறகு வரும் அமைதி உங்களை உறுத்தும். அதை நிரப்பத்தான் ஆட்கள் "ஆனால் சில கிணறுகளில் குறைவாகவும்..." என்று தொடங்கி அடுத்த கேள்விக்குத் தாங்களே கதவைத் திறந்துவிடுகிறார்கள். பதிலைக் கேட்டவரைப் பார்த்துத் தொடங்கி, கடைசி வசனத்தை மற்றொருவரைப் பார்த்து முடித்தால், ஒருவரே திரும்பத் திரும்பக் கேட்பது குறையும்.

சிலர் கேள்வியே கேட்க மாட்டார்கள். "இதெல்லாம் முதலே செய்து பார்த்தது, சரிவரவில்லை" என்பார்கள். இதற்கு மறுப்புச் சொல்லத் தொடங்கினால் தொலைந்தீர்கள், எந்தத் திட்டத்தைப் பற்றிச் சொல்கிறார் என்றே உங்களுக்குத் தெரியாது. ஒரே ஒரு கேள்வி திருப்பிக் கேட்கலாம். "பழுதானது தாங்கியா, அல்லது ஆட்கள் பாவிக்காமல் விட்டதா?" அவர் எதைச் சொன்னாலும் உங்களுக்குப் பிடி கிடைக்கும். தெரியாத எண்ணைக் கேட்டால், அது உங்களிடம் இல்லை என்று சொல்லி, அது கூடினால் திட்டத்தில் எது மாறும், எங்கே கேட்டு எடுப்பீர்கள் என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஊகித்து எண் சொல்ல வேண்டாம்.

இவ்வளவுக்கும் பிறகுதான் ஸ்லைட். எட்டுப் போதும். முதலாவதில் உங்கள் சுயவிவரம் வேண்டாம், "எங்களைப் பற்றி" வேண்டாம். எத்தனை வீடு, எத்தனை தாங்கி, எவ்வளவு பணம், எப்போது முடியும் என்று ஒரு வசனம். கொதிக்க வைத்தால் நைத்திரேற்றுப் போகாது, தண்ணீர் ஆவியாக அது செறியத்தான் செய்யும் என்பதை இரண்டாவதில் சொல்லுங்கள். கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னால் போதாதா என்ற கேள்வி அதோடு முடிந்துவிடும். ஒவ்வொரு தலைப்பும் முழு வசனமாக இருக்கட்டும். "பிரச்சினை", "தீர்வு" என்ற ஒற்றைச் சொல் தலைப்புகள் எதையும் சொல்வதில்லை. எட்டுத் தலைப்பையும் மட்டும் வரிசையாக வாசித்தால் திட்டம் விளங்க வேண்டும். கடைசியில் "நன்றி" என்ற ஸ்லைட் வைக்காதீர்கள். கேள்வி நேரம் முழுக்கத் திரையில் நிற்கப் போவது அதுதான். அந்த இடத்தில் செலவும் முதல் 90 நாள் வேலையும் நிற்கட்டும்.

எழுந்து நின்று, குரல் விட்டு, மணிக்கூடு வைத்து மூன்று முறை சொல்லிப் பாருங்கள். மூன்றாவது ஸ்லைட்டில் 6 நிமிடமும் ஆறாவதில் 14 நிமிடமும் தாண்டக் கூடாது. தாண்டினால் எதை வெட்டுவது என்று இப்போதே குறித்து வையுங்கள். வெட்டு ஆய்வுகூட விபரத்தில் விழட்டும், செலவில் விழக் கூடாது.

ஒன்று மறந்துவிட்டேன். நீங்கள் அனுப்பிய கோப்பு பாமினி எழுத்துருவில் இருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் முழுவதும் இங்கிலிஷ் எழுத்துக் குவியலாகத் தெரியும். யூனிகோட்டுக்கு மாற்றி, பென் டிரைவில் ஒரு பிடிஎஃப் பிரதியும் கொண்டு போங்கள். நீர் வழங்கல் சபையில் என்ன சொன்னார்கள் என்று புதன்கிழமை இரவு எழுதுங்கள்.