ரெஸ்யூமேயில் வெள்ளை எழுத்து: பெங்களூரு ரெக்ரூட்டர் அக்காவிடம் கேள்வி பதில்

கார்த்திக், மாரத்தஹள்ளி: அக்கா, வேலை விவரமான ஜேடியை வெள்ளை நிறத்தில், சைஸ் 1-ல் ரெஸ்யூமேயின் அடியில் ஒட்டினால், விண்ணப்பங்களை அலசும் ஏடிஎஸ் மென்பொருள் மட்டும்தானே படிக்கும்?

நாங்களும் படிப்போம் தம்பி. மென்பொருள் பிடிஎஃப்-லிருந்து எழுத்தை மட்டும் உருவி எடுக்கிறது; நிறமும் அளவும் அதோடு வராது. அதனால் ஒளித்தது எல்லாம் எங்கள் திரையில் சாதாரணக் கறுப்பு எழுத்தாக நிற்கும்.

ஒரு டெஸ்டிங் வேலைக்கு வந்த ரெஸ்யூமே இப்படித்தான். உருவிய எழுத்தில், கடைசி வேலையின் விவரத்தோடு ஒட்டிக்கொண்டு, "தேர்வாகிறவர் ஐந்து பேர் அணியை நடத்த வேண்டும், 30 நாளில் சேர வேண்டும்" என்று ஓடியது. வேறொரு கம்பெனியின் ஜேடி, அதன் பெயரோடு! செலினியம் என்று தேடினால் இவர் மேலே வருகிறார், ஆனால் பிடிஎஃப்-ஐத் திறந்தால் பக்கத்தில் அந்தச் சொல்லே இல்லை. மேனேஜர் அதற்கு மேல் எதையும் படிக்கவில்லை. உண்மையிலேயே செய்த நான்கு வருட வேலையும் அதோடு போயிற்று.

ரம்யா: ஏடிஎஸ்தானே ஆட்களைத் தள்ளிவிடுகிறது? அதை ஏமாற்றினால் என்ன தப்பு?

பாதி சரி. நோட்டீஸ் பீரியட், ஷிஃப்ட் மாதிரிக் கேள்விகளுக்கு நீங்கள் தரும் பதிலை வைத்துத் தானாகத் தள்ளும்படி அமைக்கலாம். வெள்ளை எழுத்து அந்தப் பதிலை மாற்றாது. மற்றபடி பெரும்பாலும் வரிசைப்படுத்துவதோடு சரி. திறந்து பார்ப்பது ஆள்தான்.

செந்தில்: நான் செய்தேன், கால் வந்ததே!

வரும். அப்புறம்?

செந்தில்: முதல் ரவுண்டில் குபர்நெட்டிஸ் கேட்டார்கள், திணறினேன். ஆனால் வெள்ளை எழுத்து இல்லாவிட்டால் அந்த ரவுண்டே கிடைத்திருக்காது.

ரம்யா: செந்தில் அண்ணா சொல்வது நியாயம்தானே? ஐந்து வருடம் கேட்டுவிட்டு ஃப்ரெஷர் சம்பளம் தரும் ஜேடி பொய் இல்லையா?

ஜேடி பொய்தான், பல சமயம். அதற்காக நடத்தாத அணியை நடத்தியதாக உங்கள் ரெஸ்யூமே சொல்லலாமா? குபர்நெட்டிஸில் ஒரு பாட் எழுப்பிப் பார்த்திருந்தால், எந்த ப்ராஜெக்டில், எதற்காக என்று கறுப்பு எழுத்தில் ஒரு வரி போடுங்கள். தேடலுக்கு அந்த ஒரு வரி போதும். அடியில் அதே சொல்லை இருபது தடவை அடுக்கினால் வரிசையில் கொஞ்சம் ஏறலாம், ஆனால் திறந்தவுடன் கண்ணில் அதுதான் படும்.

விக்னேஷ்: சைஸ் 1 வேண்டாம், 2 வைத்தால்?

முதல் பதிலைப் படியுங்கள்.

மீனா: என் ரெஸ்யூமேயை எழுதித் தந்தவர் ஏதாவது ஒளித்து வைத்தாரா என்று எப்படிப் பார்ப்பது?

இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. பிடிஎஃப்-ஐத் திறந்து Ctrl+A, Ctrl+C, பிறகு நோட்பேடில் Ctrl+V. லினக்ஸில் இப்படி:

```
pdftotext resume.pdf -
```

பக்கத்தில் காணாத வரி அங்கே வந்தால் மாட்டிக்கொண்டது. ஒன்று கவனியுங்கள்: ஸ்கேன் செய்த பிடிஎஃப்-ல் ஓசிஆர் வைத்த எழுத்தும் கண்ணுக்குத் தெரியாது. அது திருட்டு இல்லை. படத்தில் இருப்பதைத்தான் திருப்பிச் சொல்லும்.

விக்னேஷ்: வெள்ளைக்குப் பதில் இளஞ்சாம்பல்?

தம்பி!