தேர்வு அறையில் எல்லாம் மறந்துபோகும் பிள்ளைக்கு என்ன சொல்வது?

கேள்வி: நான் அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியை. தேர்வு பயம் பற்றி பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நான்கு நிமிட வீடியோ எடுக்கப் போகிறோம், ஒரு கவுன்சலர் பேசுவதுபோல. நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்கூட "ஹால்ல உக்காந்ததும் எல்லாமே மறந்துபோச்சு மிஸ்" என்கிறார்கள். "பயப்படாதே" என்பதைத் தவிர அவர்களிடம் என்ன சொல்ல முடியும்? ஸ்கிரிப்ட் எழுத உதவுவீர்களா, டாக்டர்?

பதில்: "பயப்படாதே" என்ற சொல்லே வீடியோவில் வேண்டாம், டீச்சர். அதைக் கேட்கிற பிள்ளை, பயத்தோடு சேர்த்து, பயப்படுவதற்காகவும் வெட்கப்பட ஆரம்பிக்கிறது. முதல் மதிப்பெண் வாங்கியவர்களைப் பேச வைப்பதும் வேண்டாம். நான்கு நிமிடத்தையும் அந்த "மறந்துபோச்சு" ஒன்றுக்கே கொடுங்கள். என்னிடம் வருகிற பிள்ளைகளில் பலர் சொல்வதைச் சேர்த்து ஒரு மாணவியின் கதையாக எழுதியிருக்கிறேன். கவுன்சலர் பேசும் வரிகளைப் பேச்சுத் தமிழிலேயே வைத்திருக்கிறேன். கேமராவைப் பார்த்து மெதுவாகச் சொன்னால் போதும்.

முதல் காட்சி, வேதியியல் தேர்வு அறை. மணி பத்து. வினாத்தாள் கைக்கு வருகிறது. முதல் ஒரு மதிப்பெண் கேள்வியே மாணவிக்குப் புரியவில்லை. இரண்டாவதைப் பார்க்கிறாள், அதுவும் தெரிந்த மாதிரி இல்லை. நெஞ்சு படபடக்கிறது, விரல் நுனி மரத்துப்போகிறது. பக்கத்துப் பெண் ஏற்கெனவே பேனாவைத் திறந்துவிட்டாள். இசை எதுவும் போடாதீர்கள், மின்விசிறிச் சத்தம் மட்டும் இருக்கட்டும்.

கவுன்சலர்: "இது உங்களுக்கும் நடந்திருக்கா? நடந்திருந்தா, உங்க மூளை கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்லை. நம்ம மனசுக்குள்ள ஒரு சின்ன சிலேட்டு இருக்கு. அந்த நேரத்துக்கு யோசிக்கிறதை எல்லாம் அதுலதான் எழுதிப் பார்ப்போம். பயம் வந்ததும் அந்த சிலேட்டுல 'ஃபெயில் ஆயிடுவேனோ, அம்மா என்ன சொல்வாங்க'ன்னு எழுதி நிரப்பிடுது. சமன்பாடு எழுத இடமே இல்லை. படிச்சது உள்ளதான் இருக்கு. சிலேட்டுலதான் இடம் இல்லை."

இதில் ஒரு நுணுக்கம் உண்டு, கவுன்சலரே அதைச் சொல்லட்டும். தேர்வு முடிந்து வெளியே வந்ததும் விடை நினைவுக்கு வந்தால், அதை மறைத்தது பயம். வீட்டுக்குப் போன பிறகும் வரவில்லையென்றால், அது சரியாகப் படிந்திருக்கவில்லை. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. பல பிள்ளைகளுக்கு இரண்டும் கலந்தே இருக்கும், அவர்கள் எல்லாவற்றையும் பயத்தின் கணக்கில் போட்டுவிடுவார்கள்.

இரண்டாவது காட்சி, அதே அறை, அதே மாணவி. உங்கள் பிள்ளைகளுக்கு எழுதத் தொடங்கும் முன் வினாத்தாளைப் படிக்கவே 10 நிமிடம் தருகிறார்கள். அதில் மூன்று நிமிடத்தை நாம் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

கவுன்சலர்: "தாளைக் கவுத்து வைங்க. ரெண்டு பாதமும் தரையில நல்லாப் பதியட்டும். மூக்கு வழியா நாலு எண்ணுற வரைக்கும் மூச்சை இழுங்க. வாய் வழியா ஆறு எண்ணுற வரைக்கும் மெதுவா விடுங்க. பத்து தடவை. ரெண்டு நிமிஷம்கூட ஆகாது. அப்புறம் தாளைத் திருப்புங்க. முதல் கேள்வியில இருந்துதான் ஆரம்பிக்கணும்னு இல்லை. நல்லாத் தெரிஞ்ச ஒரே ஒரு கேள்வியைத் தேடுங்க. எழுதச் சொல்லும்போது அதுல ஆரம்பிங்க."

விடும் மூச்சு நீளமாக இருக்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். மூச்சை விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறைகிறது. "ஆழமா மூச்சு விடு" என்று மட்டும் சொன்னால் பயந்த பிள்ளை வேகவேகமாக இழுத்து விடும். அப்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, விரல் மரத்துப்போவதும் தலைசுற்றலும் கூடிவிடும். இன்னொன்றையும் கவுன்சலர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பத்து மூச்சுக்குப் பிறகும் கொஞ்சம் படபடப்பு இருக்கும். உடலில் சுரந்த அட்ரினலின் அடங்கச் சில நிமிடம் ஆகும். முழு அமைதிக்காகக் காத்திருக்காமல் படபடப்போடே எழுத ஆரம்பித்துவிடலாம். தெரிந்த விடையை எழுத எழுத, அதோடு சேர்த்துப் படித்தது ஒவ்வொன்றாகக் கூடவே வரும்.

மூன்றாவது காட்சி, வீடு. தேர்வுக்கு நான்கு வாரம் முன்பு. மாணவி மஞ்சள் பேனாவால் கோடு போட்டபடி ஒரே பாடத்தை ஐந்தாவது முறை வாசிக்கிறாள். பக்கத்தில் காப்பி. கடிகாரத்தில் இரவு ஒன்றரை.

கவுன்சலர்: "திரும்பத் திரும்ப வாசிச்சா பாடம் பழகின முகமாயிடும். பழகின முகம் வேற, பேர் ஞாபகம் இருக்கிறது வேற. ஒரு பகுதி படிச்சதும் புத்தகத்தை மூடுங்க. வெள்ளைத் தாள்ல ஞாபகத்துல இருந்து எழுதுங்க. பாதிதான் வரும், பரவாயில்லை. திறந்து பாருங்க, விட்டதை மட்டும் இன்னொரு தடவை படிங்க. மறுநாள் காலையில அதையே மறுபடி எழுதுங்க."

இந்த மாணவி முதல் நாள் கரிம வேதியியலில் பத்து வினைகளை எழுத முயன்று நான்கோடு நின்றுவிட்டாள் என்று காட்டுங்கள். அழுகை வருகிறது. மறுநாள் ஏழு வருகிறது. அந்த நான்கையும் ஏழையும் திரையில் காட்டுவது முக்கியம், ஏனென்றால் இந்த முறையில் தொடங்கும் பிள்ளைகள் பலர் முதல் நாளே "எனக்கு ஒண்ணும் தெரியலை" என்று பழைய வாசிப்புக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

அடுத்து, ஞாயிறு காலை பத்து மணி. ஒரு பழைய வினாத்தாள், மேசை, கடிகாரம், மூன்று மணி நேரம். அந்தப் பத்து மூச்சையும் அங்கேயே பழக வேண்டும். தேர்வன்று முதன்முறையாக முயன்றால் கைகொடுக்காது.

தூக்கத்தைப் பற்றி இரண்டு வரி போதும். இந்த வயதுக்கு எட்டு மணி நேரமாவது வேண்டும், பகலில் படித்தது மூளையில் படிவதற்குத் தூக்கம் தேவை. மாலை நான்கு மணிக்குப் பிறகு காப்பி, டீ வேண்டாம். குடித்த காப்பியில் பாதி உடலை விட்டுப் போகவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும்.

கடைசிக் காட்சியில் கவுன்சலர் மட்டும்.

"இதையெல்லாம் செஞ்சும் ஒரு பரீட்சை சரியா போகாம போகலாம். அப்படிப் போனா துணைத் தேர்வு இருக்கு, அதே வருஷமே எழுதலாம். ரெண்டு வாரமா தூக்கம் வரலை, சாப்பிட முடியலை, காலையில வாந்தி வருதுன்னா பயிற்சி மட்டும் போதாது, டாக்டரைப் பாருங்க. 'நான் இல்லாம போயிட்டா நல்லா இருக்கும்'னு ஒரு தடவை தோணினாகூட, அன்னைக்கே ஒரு பெரியவங்ககிட்ட சொல்லுங்க. சொல்ல யாரும் இல்லைன்னா அரசாங்கத்தோட மனநல உதவி எண் 14416க்கு போன் பண்ணுங்க. இலவசம், எந்த நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்."

அந்த எண் திரையில் பத்து விநாடியாவது நிற்கட்டும், பிள்ளைகள் நோட்டில் குறித்துக்கொள்ள நேரம் வேண்டும். வீடியோவைக் கடைசிப் பீரியடில் போடாதீர்கள், டீச்சர். முதல் பீரியடில் போட்டுவிட்டு, அன்று முழுவதும் நீங்களோ கவுன்சலரோ ஒரு அறையில் தனியாக இருங்கள். பேச வேண்டிய பிள்ளை உடனே வராது. மதியச் சாப்பாட்டு நேரத்தில், வேறு ஏதோ கேட்க வந்த மாதிரி வந்து கதவோரம் நிற்கும்.