ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயமும் பதினேழாம் எண் கிணறும்

"எம்.எஸ்சி. ஆய்வேட்டில் ஒரு அத்தியாயத்தைக் கட்டுரையாக்கி ஜர்னலுக்கு அனுப்பு என்கிறார் கைடு. இதுதான் முதல் தடவை. எந்த ஜர்னல் என்று எப்படித் தேர்ந்தெடுப்பது? '15 நாளில் ஸ்கோபஸ்' என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, நம்பலாமா?"

நம்ப வேண்டாம். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன். முதலில் ஒன்று: நான் பேராசிரியர் இல்லை. எம்.எஸ்சி. புவியியலில் எழுதிய ஆய்வேட்டிலிருந்து ஒரே ஒரு கட்டுரை, அதுவும் பதினொரு மாதம் இழுத்து வெளிவந்தது. "ஒரு கட்டுரை போட்டவனெல்லாம் பாடம் எடுக்கிறான்" என்று கீழே எழுதப் போகிறவர்கள் தாராளமாக எழுதுங்கள். பத்து கட்டுரை போட்டவர்களுக்கு முதல் கட்டுரையில் பட்டது மறந்திருக்கும், எனக்கு இன்னும் மறக்கவில்லை.

நீங்களும் அநேகமாக அத்தியாயத்தை அப்படியே வெட்டி, மேலே ஒரு சுருக்கம் ஒட்டி அனுப்பலாம் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நானும் அதைத்தான் செய்தேன். என் ஆய்வு தருமபுரி மாவட்ட நிலத்தடி நீரில் ஃபுளூரைடு. 42 கிணறுகள். நான்காம் அத்தியாயத்தில் எல்லாமே இருந்தது: பைப்பர் வரைபடம், பாசனத்துக்குத் தகுதி, குடிநீர்த் தரக் குறியீடு, ஒவ்வொரு அயனிக்கும் ஒரு பத்தி. பெரிய சர்வதேச ஜர்னல் ஒன்றுக்கு அனுப்பினேன். ஒன்பதாம் நாள் திரும்பி வந்தது. ரிவியூவர் கைக்கே போகவில்லை, எடிட்டர் மேசையிலேயே முடிந்துவிட்டது. உள்ளூர் தரவு அறிக்கைகளை நாங்கள் எடுப்பதில்லை என்று இரண்டு வரி. அது அந்த ஜர்னலின் 'நோக்கமும் எல்லையும்' பக்கத்திலேயே எழுதியிருந்தது. நான் அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்க்கவில்லை.

இரண்டாம் தடவை வேறு மாதிரி செய்தேன். என் அத்தியாயத்தின் மேற்கோள் பட்டியலை எடுத்து, எந்த ஜர்னல் எத்தனை முறை வருகிறது என்று பென்சிலால் கோடு போட்டு எண்ணினேன். நான்கைந்து பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தன. நான் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறேனோ அவர்கள் எழுதுகிற இடம் அது. அந்த ஜர்னல்களில் கடைசி இரண்டு வருடத்துக் கட்டுரைகள் மும்மூன்று படித்தேன். ஒன்றில் ஒரே மாவட்டத்துத் தரவோடு வந்த கட்டுரைகள் இருந்தன, ஆனால் எல்லாவற்றிலும் 'ஏன்' என்ற ஒரு கேள்வி இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்தேன். பணம்? சந்தா வழியில் வெளியிட்டால் ஆசிரியரிடம் கட்டணம் வாங்காத ஜர்னல் அது. திறந்த அணுக்கத்துக்குத்தான் கட்டணம். ஏற்றுக்கொண்ட பிறகு வரும் படிவத்தில் எதை டிக் செய்கிறோம் என்று கவனித்தால் போதும்.

பிறகு அத்தியாயத்தை அறுத்தேன். பாசனத் தகுதி போனது, தரக் குறியீடு போனது. மிஞ்சியது ஒரே கேள்வி: கால்சியம் குறைவாக உள்ள கிணறுகளில் மட்டும் ஏன் ஃபுளூரைடு ஏறுகிறது? கிரானைட், நைஸ் பாறைகளில் உள்ள பயோடைட், ஹார்ன்பிளெண்டு போன்ற கனிமங்களிலிருந்து ஃபுளூரைடு நீரில் இறங்குகிறது. நீரில் கால்சியம் நிறைய இருந்தால், ஃபுளூரைடு ஓரளவுக்கு மேல் ஏறும்போது இரண்டும் சேர்ந்து ஃபுளூரைட் கனிமமாகப் படிந்துவிடும். கால்சியம் குறைவென்றால் அந்தக் கடிவாளம் இல்லை. இது தருமபுரிக்கு மட்டும் உரிய கதை இல்லையே. இதே மாதிரிப் பாறையில் கிணறு தோண்டியிருக்கும் எந்த ஊருக்கும் பொருந்தும். 'உள்ளூர் அறிக்கை' என்ற முத்திரை அங்கேதான் கழன்றது.

ஆனால் உண்மையான அடி ரிவியூவில் விழுந்தது. இரண்டாவது ரிவியூவர் என் அட்டவணையை எடுத்து நேர் அயனி, எதிர் அயனிக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறார். ஆறு கிணறுகளில் பிழை 10 சதவீதத்துக்கு மேல், 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டாமா என்று கேட்டிருந்தார். என் 17-ஆம் எண் கிணற்றை எடுத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்பதை, அயனியின் எடையும் மின்சுமையும் சேர்ந்த மில்லிசமானமாக மாற்றினால் கால்சியம் 2.0, மெக்னீசியம் 3.0, சோடியம் 7.0, பொட்டாசியம் 0.1. கூட்டினால் 12.1. எதிர்ப்பக்கம் பைகார்பனேட் 5.0, குளோரைடு 3.5, சல்ஃபேட் 1.0, ஃபுளூரைடு 0.2. மொத்தம் 9.7. வித்தியாசம் 2.4, அதை இரண்டு பக்கக் கூட்டுத்தொகையான 21.8-ஆல் வகுத்தால் 11 சதவீதம். நீர் மின்சுமை இல்லாதது, இரண்டு பக்கமும் சமமாக வர வேண்டும். ஆக எதையோ விட்டிருக்கிறேன், அல்லது தப்பாக அளந்திருக்கிறேன்.

இரண்டு நாள் தூக்கம் போனது. டைட்ரேஷனில் தப்பா, கருவியிலா என்று நோட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தேன். விடை ஐந்தாம் அத்தியாயத்தில் இருந்தது. நைட்ரேட்! உர மாசு பற்றிய அத்தியாயம் என்பதால் அதன் அளவெல்லாம் அங்கே போயிருந்தது. 17-ஆம் கிணற்றில் லிட்டருக்கு 93 மில்லிகிராம், அதாவது 1.5 மில்லிசமானம். அதைச் சேர்த்ததும் எதிர்ப்பக்கம் 11.2, பிழை 4 சதவீதத்துக்குக் கீழே வந்தது. ஆறில் நான்கு கிணறுகள் இப்படிச் சரியாயின. மற்ற இரண்டு சரியாகவில்லை. அவற்றை நீக்கி, நீக்கியதையும் காரணத்தையும் கட்டுரையிலேயே எழுதி, 40 கிணறுகளோடு திருப்பி அனுப்பினேன்.

அத்தியாயம் என்பது பக்கத்து அத்தியாயங்கள் மேல் சாய்ந்து நிற்கிற சுவர். மாதிரி எடுத்த தேதி இரண்டாம் அத்தியாயத்தில் இருக்கும், பாறை வரைபடம் மூன்றில் இருக்கும். அனுப்பும் முன்னால், உங்கள் ஆய்வேட்டைப் பார்த்தே இராத ஒருவரிடம் கொடுத்து, எங்கே புரியாமல் நிற்கிறார் என்று கேளுங்கள். வேறு துறை நண்பர் என்றாலும் பரவாயில்லை.

அதே ரிவியூவர் இன்னொன்றும் கேட்டார்: அந்த மாவட்டத்துக்குத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் காவிரித் தண்ணீர் வருகிறதே, கிணற்று நீர் இன்னும் யாருக்கு? நியாயமான கேள்வி. மாதிரி எடுக்கும்போது இன்னும் குடிக்கப் பயன்படுகிற கிணறுகள் எவை என்று நோட்டில் குறித்திருந்தேன், தப்பித்தேன்.

படங்கள் பற்றி ஒரு புலம்பல். எங்கள் துறையில் ஆய்வேட்டுக்கு ஐந்து பிரதி, கெட்டி அட்டை, தங்க எழுத்து. ஸ்பைரல் போட்டுக் கொண்டுபோனவனைத் திருப்பி அனுப்பினார்கள். அந்த ஐந்தும் பீரோவில் கிடக்கின்றன, யாரும் பிரித்ததாகத் தெரியவில்லை. ஆனால் வரைபடத்தின் மூலக் கோப்பை வைத்துக்கொள் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஜர்னல் 300 டிபிஐ கேட்டது. என்னிடம் இருந்தது வேர்டில் ஒட்டிய மங்கல் படம். எல்லாவற்றையும் மறுபடி வரைந்தேன்.

சரி, அந்த வாட்ஸ்அப் விளம்பரம். முதல் ஜர்னல் திருப்பி அனுப்பிய வாரத்தில் எனக்கும் வந்தது. 4,500 ரூபாய், தனிநபர் யுபிஐ எண். ஜர்னலின் பெயர் உண்மை, ஜர்னலுக்குரிய பதிவு எண்ணான ஐஎஸ்எஸ்என் உண்மை, இணையதளம் மட்டும் போலி. அதனால் ஐஎஸ்எஸ்என்-ஐ மட்டும் சரிபார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். நான் பார்த்தது வேறு: அந்தத் தளத்தில் இருந்த கட்டுரைகளின் நிரந்தர அடையாளமான டிஓஐ எண்களை doi.org-இல் போட்டேன், ஒன்றும் திறக்கவில்லை. ஒரே இதழில் நிலத்தடி நீரும் வங்கி வாடிக்கையாளர் திருப்தியும் பக்கம் பக்கமாக இருந்தன. ஸ்கோபஸ் பட்டியலில் அதே ஜர்னலின் சமீபக் கட்டுரைத் தலைப்புகளை ஒப்பிட்டால் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. இன்னும் சிலர், யுஜிசி வைத்திருந்த ஜர்னல் பட்டியலான 'யுஜிசி கேர்' பெயரைப் போட்டு விற்கிறார்கள். அந்தப் பட்டியலை யுஜிசி 2025 பிப்ரவரியிலேயே கைவிட்டுவிட்டது.

கவர் லெட்டரில் இது ஆய்வேட்டின் பகுதி என்று ஒரு வரி மறக்காமல் எழுதுங்கள். ஆய்வேடு பல்கலைக்கழகத் தளத்தில் ஏறியிருந்தால் ஒற்றுமைச் சோதனையில் சதவீதம் எகிறும், அந்த வரி இல்லாவிட்டால் எடிட்டருக்கு வேறு மாதிரி தோன்றும். எனக்கு 38 காட்டியது.